ஆயத்தொலை வடிவியல் விடை சரியா? கைப்படத்தை வைத்துப் பிழை பிடிக்கும் வழி

ஆயத்தொலை வடிவியலில் மதிப்பெண் போவது சூத்திரம் மறந்து அல்ல. கழித்தலில் குறி மாறியிருக்கும், x₁ இருக்க வேண்டிய இடத்தில் x₂ போயிருக்கும், அல்லது கடைசியில் வகுக்க விட்டுப்போயிருக்கும். திரும்பத் திரும்ப இந்த மூன்றுதான். செய்த கணக்கையே மறுபடி படித்துப் பார்த்தால் இவை கண்ணில் படாது, ஏனென்றால் முதல் தடவை ஏமாந்த இடத்திலேயே கண் மறுபடியும் ஏமாறும். விடைத்தாளின் ஓரத்தில் அரை நிமிடத்தில் போடும் ரஃப் படம் வேறு வழியாக வருவதால் பிடித்துவிடும்.

கீழே உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே சோடிப் புள்ளிகள்தான்: A(−3, 5), B(6, −1). படிக்கும்போதே ஒரு துண்டுத் தாளில் இவற்றைக் குறித்துக்கொண்டால் மேற்கொண்டு புரிவது எளிது.

## முதலில் படம் சரியா?

தப்பான படத்தை வைத்துச் சரியான விடையை அடித்துவிடும் ஆபத்து உண்டு. மூன்று இடங்களில்தான் படம் கெடும்.

ஒன்று, புள்ளியைப் புரட்டிப் போடுவது. (−3, 5) என்பதை (5, −3) என்று குறித்துவிடுவோம். குறிக்கும் முன் "A இடப்பக்கம் மேலே, B வலப்பக்கம் கீழே" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்ளுங்கள். A இரண்டாம் கால்பகுதியிலும் B நான்காம் கால்பகுதியிலும் உட்கார வேண்டும்.

இரண்டு, அளவுத்திட்டம். வரைபடக் கணக்கில் y அச்சை மட்டும் 1 செ.மீ = 5 அலகு என்று சுருக்கிப் போட்டுப் பழகிய கை இங்கேயும் அதையே செய்யும். பரவளையத்துக்கு அது பரவாயில்லை. இங்கே இரண்டு அச்சிலும் ஒரே இடைவெளி இல்லாவிட்டால் செங்கோணம் செங்கோணமாகத் தெரியாது, நீளத்தையும் ஒப்பிட முடியாது. எண்கள் 40, 70 என்று பெரிதாக இருந்தால் இரண்டு அச்சையும் சேர்த்தே பத்துப் பத்தாகச் சுருக்குங்கள்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. விடை வந்த பிறகு படம் போட்டால், கை தன்னையறியாமல் விடைக்கு ஏற்றபடி கோட்டை வளைத்துவிடும். ஆகவே சூத்திரத்தைத் தொடும் முன்பே படத்தைப் போட்டு, அதில் தெரிவதைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். நம் எடுத்துக்காட்டில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: A-யிலிருந்து B-க்கு வலப்பக்கம் 9, கீழே 6. கோடு இடமிருந்து வலம் இறங்குகிறது. y அச்சை ஏறக்குறைய 3-இல் வெட்டுகிறது. x அச்சை 4-க்கும் 5-க்கும் நடுவில் வெட்டுகிறது. இனி எந்த விடை வந்தாலும் இந்த வரிகளோடுதான் ஒப்பிட வேண்டும்.

## அறிகுறி: தொலைவு படத்தோடு ஒட்டவில்லை

வலப்பக்கம் 9, கீழே 6 என்றால் AB ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணம். கர்ணம் பெரிய பக்கத்தைவிடக் கட்டாயம் நீளம். அதே சமயம் பெரிய பக்கத்தின் 1.42 மடங்கைத் தாண்டவே தாண்டாது, ஏனென்றால் மற்றப் பக்கம் அதைவிடச் சிறியது அல்லது அதற்குச் சமம். ஆக விடை 9-க்கும் 12.8-க்கும் நடுவில் விழ வேண்டும். சரியான விடை √117, அதாவது சுமார் 10.8.

விடை 117 என்று நிற்கிறது. வர்க்கமூலம் எடுக்கவில்லை. மிக மலிவான பிழை, ஒரு குறியில் சரியாகிவிடும்.

விடை 15 என்று வருகிறது. 9-ஐயும் 6-ஐயும் கூட்டினால் 15. √(81 + 36) என்பதை √81 + √36 என்று பிரித்துவிட்டீர்கள். தொலைவு இரண்டு பக்கங்களின் கூட்டுத்தொகைக்குச் சரியாகச் சமமாக வந்தாலே இதுதான் காரணம்.

விடை √45, அதாவது 6.7 வருகிறது. வலப்பக்கம் மட்டுமே 9 போயிருக்கிறோம், மொத்தத் தொலைவு எப்படி அதைவிடக் குறையும்? 6 − (−3) என்பது 6 − 3 ஆகியிருக்கிறது. தீர்வு: அடைப்புக்குறியோடு எழுதுங்கள், அல்லது படத்தில் கட்டத்தை எண்ணுங்கள். −3-இலிருந்து 0 வரை 3, 0-விலிருந்து 6 வரை 6, மொத்தம் 9. இரண்டு புள்ளிகளும் அச்சின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால் தூரங்கள் கூடும், ஒரே பக்கத்தில் இருந்தால் கழியும். இதை மட்டும் மனத்தில் வைத்தால் குறிப் பிழையில் பாதி ஒழியும்.

விடை √97, அதாவது 9.85 வருகிறது. இது பொல்லாத பிழை. y-யில் 5 − (−1) என்பது 4 ஆகிவிட்டது, ஆனால் 9.85 என்பது 9-க்கும் 12.8-க்கும் நடுவில்தான் இருக்கிறது. எல்லைச் சோதனை இதைத் தாண்டவிட்டுவிடும். எனவே கடைசி விடையை மட்டும் பார்க்காதீர்கள். மூலக்குறிக்குள் நீங்கள் எழுதிய இரண்டு எண்களும் படத்தில் எண்ணிய 9, 6 தானா என்று தனித்தனியே பாருங்கள். அங்கே 4 இருந்தால் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

இன்னும் சந்தேகம் என்றால் ஒரு தாளின் விளிம்பை AB மேல் வைத்து இரு முனையையும் பென்சிலால் குறியுங்கள். அதே விளிம்பை x அச்சின் மேல் வைத்து ஒரு குறியை 0-வில் பொருத்தினால் மற்றது 11-க்குச் சற்று முன்னால் வந்து நிற்கும். ரஃப் படத்தில் அரை அலகு, ஓர் அலகு முன்பின் ஆகலாம். இரண்டு அலகுக்கு மேல் விலகினால் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

## அறிகுறி: பிரிவுப் புள்ளி தப்பான இடத்தில் விழுகிறது

AB-ஐ உட்புறமாக 1 : 2 என்ற விகிதத்தில் பிரிக்கும் புள்ளி P கேட்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரியான விடை (0, 3). தப்பு மூன்று விதமாகத் தெரியும்.

புள்ளி A, B-க்கு இடையிலேயே இல்லை. உட்புறப் பிரிவு என்றால் P-யின் x −3-க்கும் 6-க்கும் நடுவில், y −1-க்கும் 5-க்கும் நடுவில் இருந்தே ஆக வேண்டும். (0, 9) என்று வந்தால் y எகிறிவிட்டது. காரணம், 1×(−1) + 2×5 = 9 என்று தொகுதியோடு நிறுத்திவிட்டீர்கள், m + n = 3-ஆல் வகுக்கவில்லை. இங்கே ஒரு வேடிக்கை பாருங்கள்: x-க்குத் தொகுதி 0 ஆனதால் வகுக்காமல் விட்டாலும் அது சரியாகவே தெரியும். ஒரு ஆயத்தொலைவு சரியாக வந்ததை நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது.

புள்ளி இடையில் இருக்கிறது, ஆனால் கோட்டின் மேல் இல்லை. (3, 3) வந்திருந்தால் அது இந்த வகை. படத்தில் x = 3 இருக்கும் இடத்தில் கோடு 1-இன் உயரத்தில்தான் போகிறது, நம் புள்ளி அதற்கு மேலே தொங்குகிறது. x-க்குச் சூத்திரத்தைப் போடும்போது m, n இடம் மாறிப்போய், y-க்கு மட்டும் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.

கோட்டின் மேல்தான் இருக்கிறது, ஆனால் தப்பான முனைக்குப் பக்கத்தில். (3, 1) வந்தால் இரண்டு ஆயத்தொலைவிலும் m, n மாறியிருக்கிறது. AP : PB = 1 : 2 என்றால் A பக்கம் குறைவான தூரம், அதாவது P, A-க்கு அருகில். (3, 1) படத்தில் B-க்கு அருகில் நிற்கிறது. சூத்திரத்தில் m போய்ச் சேருவது தூரத்துப் புள்ளியான B-யின் ஆயத்தொலைவோடு, அதுதான் பலரைக் குழப்புகிறது. "1 : 2 என்றால் முதல் புள்ளிக்கு 1" என்று எண்ணி 1-ஐ A-யோடு பெருக்கிவிடுகிறார்கள்.

வினாவையும் ஒருமுறை பாருங்கள். "BA-ஐ 1 : 2 விகிதத்தில்" என்று எழுத்து மாற்றிக் கேட்டிருந்தால் எண்ணிக்கை B-யிலிருந்து தொடங்கும், அப்போது (3, 1) தான் சரி.

மூன்று வகைக்கும் ஒரே மருந்து தாவி எண்ணுவது. 1 : 2 என்றால் மொத்தம் 3 பங்கு. வலப்பக்கம் 9-ஐ மூன்றாக்கினால் 3, கீழே 6-ஐ மூன்றாக்கினால் 2. A-யிலிருந்து ஒவ்வொரு தாவலுக்கும் 3 வலம், 2 கீழ்: (−3, 5), (0, 3), (3, 1), (6, −1). கடைசித் தாவல் B-யில் போய் நின்றால் எண்ணியது சரி. 1 : 2 கேட்டால் முதல் தாவல், 2 : 1 கேட்டால் இரண்டாவது. 5 : 7 போன்ற விகிதத்தில் தாவல்கள் பின்னமாக வரும். அங்கே தாவி எண்ணாமல் "பாதிக்குச் சற்று முன்னால், A பக்கம்" என்று இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.

### விகிதமே கேள்வியாக இருந்தால்

"AB-ஐ y அச்சு எந்த விகிதத்தில் பிரிக்கிறது?" என்ற வகைக்கு விடை படத்திலேயே எழுதியிருக்கிறது. y அச்சிலிருந்து A 3 அலகு இடப்பக்கம், B 6 அலகு வலப்பக்கம், ஆகவே 3 : 6, அதாவது 1 : 2. x அச்சுக்கு அதே போல A 5 அலகு மேலே, B 1 அலகு கீழே, எனவே 5 : 1. உங்கள் விடை 1 : 5 என்றால் திருப்பி எழுதிவிட்டீர்கள், x அச்சு வெட்டும் இடம் B-யை ஒட்டி இருப்பதைப் படம் காட்டும்.

k : 1 என்று வைத்துச் செய்யும்போது k எதிர்மறையாக வந்தால் படத்தைப் பாருங்கள். இரண்டு புள்ளிகளும் அச்சின் இரு பக்கமும் இருந்தால் k எதிர்மறையாக வர வழியே இல்லை, எங்கோ குறி விழுந்திருக்கிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் அந்த எதிர்மறை சரிதான், வெட்டும் இடம் கோட்டுத்துண்டுக்கு வெளியே இருக்கிறது என்று பொருள்.

## அறிகுறி: கோட்டின் சமன்பாடு வேறு கோட்டைக் காட்டுகிறது

AB-யின் சரியான சமன்பாடு 2x + 3y − 9 = 0. கிடைத்த சமன்பாட்டில் x = 0 போட்டு y-யையும், y = 0 போட்டு x-ஐயும் எடுங்கள். சரியானதற்கு (0, 3), (4.5, 0). முதலில் எழுதிவைத்த "ஏறக்குறைய 3", "4-க்கும் 5-க்கும் நடுவில்" என்ற இரண்டோடும் இவை ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாவிட்டால் எப்படி விலகுகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

இரண்டு வெட்டுத்துண்டும் எதிர்க்குறியோடு வருகின்றன. 2x + 3y + 9 = 0 என்றால் (0, −3), (−4.5, 0). சாய்வு சரி, கோடு ஆதிப்புள்ளிக்கு மறுபக்கம் இணையாக ஓடுகிறது. மாறிலியைச் சமக்குறிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது குறியை மாற்றவில்லை. கடைசி வரியைத் திருத்தினால் போதும், மேலே எதையும் தொட வேண்டாம்.

கோடு ஏறுகிறது. 2x − 3y + 21 = 0 வந்திருந்தால் அது y அச்சை 7-இல் வெட்டி மேலே போகும் கோடு. சாய்வு −2/3 என்பது 2/3 ஆகியிருக்கிறது. மேலே y₂ − y₁ போட்டுக் கீழே x₁ − x₂ போட்டதாக இருக்கும். இந்தச் சமன்பாட்டில் A-யைப் போட்டால் −6 − 15 + 21 = 0 என்று அழகாகப் பொருந்திவிடும். A-யை வைத்துத்தானே கோட்டை எழுதினோம், பொருந்தாமல் எங்கே போகும்? சோதிக்க வேண்டியது B-யை: 12 + 3 + 21 = 36. பிரதியிட்டுச் சரிபார்க்கும்போது எப்போதும் சூத்திரத்தில் பயன்படுத்தாத புள்ளியைப் போடுங்கள்.

கோடு இறங்குகிறது, ஆனால் மிகச் செங்குத்தாக. 3x + 2y − 1 = 0 என்றால் சாய்வு தலைகீழாகிவிட்டது, −2/3-க்குப் பதில் −3/2. y அச்சை அரை அலகில் வெட்டுகிறது, படத்திலோ 3. நம் படத்தில் 9 போக 6 தான் இறங்குகிறோம், போவது அதிகம், இறங்குவது குறைவு. அப்படியென்றால் சாய்வின் எண்மதிப்பு 1-ஐ விடக் குறைவாக இருக்க வேண்டும்.

படத்தில் கோடு நேர்குத்தாக நிற்கிறது, சமன்பாட்டில் y மட்டும் இருக்கிறது. (4, 1), (4, −3) இரண்டுக்கும் x ஒன்றே. சாய்வில் பகுதி 0 ஆனதும் பதறி y = 4 என்று எழுதிவிடுகிறார்கள். கோட்டின் மேலுள்ள எல்லாப் புள்ளிக்கும் பொதுவாக இருப்பது எது? x தான். x = 4.

## அறிகுறி: செங்குத்துக்கோடு செங்குத்தாக இல்லை

AB-யின் மையக்குத்துக்கோடு கேட்டால் நடுப்புள்ளி (1.5, 2), சாய்வு 3/2, சமன்பாடு 6x − 4y − 1 = 0. சாய்வைத் தாவலாக எண்ணினால் தெளிவு: AB-யில் 3 வலம், 2 கீழ். அதைச் செங்கோணம் திருப்பினால் 2 வலம், 3 மேல்.

உங்கள் கோடும் AB-யைப் போலவே இறங்கினால் தலைகீழாக்கியது சரி, குறியை மாற்றவில்லை. ஏறுகிறது, ஆனால் படுத்தாற்போல் இருக்கிறது என்றால் குறியை மாற்றியிருக்கிறீர்கள், தலைகீழாக்கவில்லை. இந்த இரண்டாவது, அவசரமாகப் பார்த்தால் சரி போலவே தோன்றும். தாளின் மூலையை வெட்டும் இடத்தில் வைத்துப் பாருங்கள். மூலை 90°, தப்பான கோடு AB-யோடு சுமார் 67° தான் எடுக்கும், விரிசல் நன்றாகத் தெரியும்.

சாய்வு சரியாக இருந்தும் விடை பொருந்தாவிட்டால் கோடு எந்தப் புள்ளி வழியே போகிறது என்று பாருங்கள். மையக்குத்துக்கோடு நடுப்புள்ளி வழியே போகும். குத்துக்கோடு எதிர் முனை வழியே போகும். நடுக்கோடு எதிர் முனையையும் நடுப்புள்ளியையும் சேர்க்கும், அது செங்குத்தாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. 3x − 2y + 19 = 0 என்று வந்தால் செங்குத்து சரி, ஆனால் கோடு A வழியே போகிறது. வினாவைப் படித்ததில் பிழை, கணக்கில் இல்லை.

உறுதி செய்ய, நடுப்புள்ளியிலிருந்து ஒரு தாவல்: (3.5, 5). இது A-க்கும் B-க்கும் சம தூரத்தில் இருக்க வேண்டும். A-க்கு நேர் கிடையாக 6.5. B-க்கு 2.5, 6 என்ற பக்கங்கள், √42.25, அதுவும் 6.5. இதற்கு மேல் சோதனை தேவையில்லை.

## அறிகுறி: படமும் ஒத்துப்போகிறது, விடையும் தப்பு

கைப்படத்துக்குப் பிடிபடாத கணக்கு ஒன்று உண்டு, ஒருகோடமைவு. A, B-யோடு C(1, 2) கொடுத்து மூன்றும் ஒரே கோட்டில் உள்ளனவா என்று கேட்டால், ரஃப் படத்தில் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருப்பது போலவே தெரியும். x = 1-இல் கோடு இருப்பது 7/3-இல், C இருப்பது 2-இல், வித்தியாசம் ஓர் அலகில் மூன்றில் ஒரு பங்கு. AC-யின் சாய்வு −3/4, CB-யின் சாய்வு −3/5, முக்கோணத்தின் பரப்பு 1.5 சதுர அலகு. ஒருகோடமையவில்லை. படம் "இல்லை" என்று தெளிவாகச் சொன்னால் நம்பலாம், "ஆம்" என்று சொன்னால் நம்பக் கூடாது. சாய்வோ பரப்போ கணக்கிட்டே தீர வேண்டும்.

சாய்வு 2/3-ஆ 3/4-ஆ, வெட்டுத்துண்டு 4.5-ஆ 14/3-ஆ என்ற அளவிலான வேறுபாட்டுக்கும் இதே கதிதான். அங்கே பிரதியிடுவதுதான் வழி.

## எப்போது ஆசிரியரிடம் கொண்டுபோவது

இரண்டு புள்ளிகளையும் பிரதியிட்டால் 0 வருகிறது, வெட்டுத்துண்டுகள் படத்தோடு ஒத்துப்போகின்றன, ஆனாலும் விடைப்பகுதியில் வேறு சமன்பாடு இருக்கிறது என்றால், முதலில் அது உங்கள் சமன்பாட்டின் வேறு வடிவமா என்று பாருங்கள். 4x + 6y − 18 = 0, y = −(2/3)x + 3, x/4.5 + y/3 = 1 எல்லாம் ஒரே கோடுதான். புத்தகச் சமன்பாட்டில் A-யையும் B-யையும் போட்டாலே தெரிந்துவிடும்.

அதிலும் பொருந்தாவிட்டால், வினாவின் புள்ளிகளை எழுத்து எழுத்தாக மறுபடி படித்துப் பாருங்கள், தாளில் இறக்கும்போது ஒரு கழித்தல் குறி விட்டிருக்கலாம். அதுவும் இல்லையென்றால் வரைபடத்தாளில் 1 செ.மீ = 1 அலகு என்று அளவுகோல் வைத்து ஒருமுறை சரியாக வரையுங்கள். வரைந்ததும் உங்கள் விடையைத்தான் காட்டினால் அச்சுப்பிழை இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வரைபடத்தாளையும், இரு சமன்பாட்டிலும் A, B-யைப் பிரதியிட்ட நான்கு வரிகளையும் சேர்த்து ஆசிரியரிடம் காட்டுங்கள். "விடை வரலை சார்" என்று போய் நின்றால் அவர் முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இவை கையில் இருந்தால் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.